இரண்டாம் படி, ஆறாம் கேள்வி

பாடம் நடத்துகிறவரை ஊர் வாத்தியார் என்று கும்பிடும். கேள்வித்தாள் எழுதுகிறவனை யாருக்கும் தெரியாது. தெரிந்தால் திட்டத்தான் தேடுவார்கள். அரிகரனுக்கு அதில் வருத்தம் இல்லை. யாரும் தேடாத வேலையாக இருந்ததுதான் அவருக்கு அதில் பிடித்ததே.

வில்லியனூரில் ஒரு மொபைல் கடையின் மாடியில் குழந்தைவேல் ஆங்கிலப் பயிற்சி மையம் நடத்தினார். சேருகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்ல. கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகத் துடிக்கிறவர்கள், துபாய்க்கு விசா எடுத்து வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன்கள், மகள் வீட்டுக்கு வெளிநாடு போகப் போகும் அம்மாக்கள். ஒருவருக்கு ஏபிசிடியே தடுமாறும். அடுத்தவர் சினிமா பார்த்தே பாதி இங்கிலீஷ் கற்றிருப்பார். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் ஒருவர் தூங்குவார், மற்றவர் அழுவார். அதனால் முதல் நாளே ஒரு தேர்வு வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்துவிடுவார்கள். அந்தத் தேர்வுக்குக் கேள்வி எழுதுவதுதான் அரிகரனின் வேலை.

அதில் அவர் கெட்டிக்காரர். நான்கு படிகள், படிக்கு ஆறு கேள்வி. முதல் படியில் பெயர், ஊர், படத்தைப் பார்த்து ஒரு சொல். வருஷக்கணக்கில் பேனா பிடிக்காத கை அதில்தான் நடுக்கம் தெளியும். இரண்டாம் படியில் நேற்று, இன்று, நாளை. இரண்டு சிறு வாக்கியத்தைச் சேர்த்துப் படித்தால் விளங்கும் விஷயம். மூன்றாவதில் காரணம் சொல்லுவது, கேள்வி கேட்பது. நான்காவதில் சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வது. ஒரு படியில் குறைந்தது ஐந்து சரியாக எழுதினால் அடுத்த படித் தாள் கைக்கு வரும். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்தம். எந்தப் படியில் தடுக்கினார்களோ அந்த வகுப்பு. எல்லோரும் சரியாக எழுதும் கேள்வியும் வீண், எல்லோரும் தப்பாக எழுதும் கேள்வியும் வீண் என்பார் அரிகரன். இரண்டும் யாரையும் பிரிக்காதே! எந்தக் கேள்வி சுலபம், எது கடினம் என்பதைத் தன் மனசை நம்பி முடிவு செய்யவும் மாட்டார். முதலில் பழைய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணித்தான் எந்தப் படியில் வைப்பது என்று தீர்மானிப்பார்.

இவ்வளவு சிரத்தைக்குக் காரணம் கடமை உணர்ச்சி என்று குழந்தைவேல் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பாதிதான் உண்மை. இரண்டு வருடத்துக்கு முன் அரிகரனின் மனைவி செல்வகுமாரி இறந்துபோனாள். பிள்ளை குட்டி இல்லை. கரிக்கலாம்பாக்கத்தில், நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றபோது இருவரும் ஆசையாக ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்கள். சுற்றிலும் மற்றவர்களும் கட்டுவார்கள் என்று பார்த்தால், வாங்கினவர்கள் எல்லாம் கல் நட்டுவிட்டுப் போனதோடு சரி. இப்போது அந்தத் தெருவில் விளக்கு எரியும் வீடு அவருடையது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்து கேள்வி எழுதினால் கொஞ்சம் ஆள் நடமாட்டம் இருப்பது போல இருக்கும். அவருடைய கேள்விகளில் யாராவது காபி குடிப்பார்கள், பஸ்ஸைத் தவற விடுவார்கள், தங்கைக்குப் புடவை எடுப்பார்கள். ஒரு கேள்வியில்கூட ஒருவரும் தனியாக இருந்ததில்லை.

அந்த வருடம் பாகூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று தன் துப்புரவுப் பெண்களை மையத்துக்கு அனுப்பியது. பெண்களில் சிலரை, வருகிறவர்களுக்கு வழி சொல்லும் விசாரணை மேசைக்கு எடுக்க ஆஸ்பத்திரிக்கு எண்ணம். ஆனால் மூன்றாம் வகுப்பில் சேர்ந்து முடித்தவர்களுக்குத்தான் அந்த மேசை. இரண்டாம் வகுப்புக்காரர்கள் துடைப்பத்தோடு இருக்க வேண்டியதுதான். மகளிர் குழுக் கட்டடத்தில் தேர்வு நடந்தது. மையத்தில் பாடம் எடுக்கும் சரண்யா அங்கேயே திருத்தித் திருத்தி அடுத்த தாளைக் கொடுத்தாள். பட்டியல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை மையத்தில் மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சரண்யா தாங்க முடியாமல் சிரித்தாள்.

"சார், நேத்தே சொல்லணும்னு இருந்தேன். இதைப் படிங்களேன்."

இரண்டாம் படியின் கடைசிக் கேள்வி. கோடிட்ட இடத்தை நிரப்புவது: "மை ____ எக்ஸ்பயர்டு லாஸ்ட் இயர். ஸோ ஐ வென்ட் டு தி ஆஃபீஸ் அண்ட் காட் எ நியூ ஒன்." என்னுடைய ஏதோ ஒன்று போன வருஷம் காலாவதி ஆனது, ஆபீசுக்குப் போய்ப் புதுசு வாங்கினேன் என்று அர்த்தம். லைசென்ஸ் என்று எழுதலாம், பாஸ்போர்ட் என்று எழுதலாம். இந்தத் தாளில், அழகான உருண்டை எழுத்தில், 'ஹஸ்பெண்டு' என்று எழுதியிருந்தது.

"புருஷன் போயிட்டானாம், ஆபீஸ்க்குப் போய்ப் புதுசு வாங்கிக்கினாளாம். எந்த ஆபீஸ் சார் அது? எங்க சித்திக்குச் சொல்லணும்!"

அரிகரனும் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு, வயிறு குலுங்கிச் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார். அதிலும் ஹஸ்பெண்டு. இன்னொன்றிலும். ஒன்றில் 'ஃபாதர்'. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கினார். எப்போதும் செய்கிற வேலைதான். நல்ல கேள்வி என்றால் மேலே இருக்கிறவர்கள் சரியாக எழுதியிருப்பார்கள், கீழே இருக்கிறவர்கள் தப்பாக. இங்கே எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. மற்ற கேள்விகளில் தடுமாறின சின்னப் பெண்கள் 'ரீசார்ஜ்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். மற்றதை ஒழுங்காக எழுதின நடுவயசுப் பெண்கள் இதில் விழுந்திருந்தார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேருக்கு இந்த ஒன்றால்தான் ஐந்து எட்டாமல் போயிருந்தது.

தப்பு எங்கே என்று தெரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. அந்தக் கேள்வி முதலில் மூன்றாம் படியில்தான் இருந்தது. வில்லியனூர் மாலை வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது அநேகமாக எல்லோருக்கும் வந்தது. சுலபம்தான் என்று கீழே இறக்கி வைத்தார். ஆனால் மாலை வகுப்பில் இருந்தவர்கள் முழுக்கப் பைக் ஓட்டும் பையன்கள். அவர்களுக்கு எக்ஸ்பயர் ஆவது லைசென்ஸ். இந்தப் பெண்களின் ஊரில் யாரும் செத்தார் என்று சொல்வதில்லை, "எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்பார்கள். டாக்டர் அப்படிச் சொல்கிறார், நர்ஸ் அப்படிச் சொல்கிறார், துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அப்படியே சொல்கிறார்கள். வில்லியனூரிலும் அப்படித்தான். அரிகரனிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஐ.சி.யூ. கதவைத் திறந்துகொண்டு வந்த சின்ன வயசு டாக்டர் மாஸ்க்கைக்கூட இறக்காமல், "எக்ஸ்பயர்டு சார்" என்றார். அதற்குப் பிறகும் அந்தச் சொல்லை வைத்து லைசென்ஸுக்குக் கேள்வி எழுத எப்படித் தோன்றியது? அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம்கூட இல்லை, ஒரு பயம். செல்வகுமாரியை அவ்வளவு தூரம் மூடி வைத்துவிட்டோமா என்கிற பயம்.

குழந்தைவேலிடம் போய்ச் சொன்னார்.

"இன்னா சார் இது," என்றார் குழந்தைவேல். "லிஸ்டு போயிடுச்சு. திங்கக்கிழமை கிளாஸு. அவங்க எழுதுன பதில் தப்பா, ரைட்டா?"

"தப்புதான்."

"அப்புறம் இன்னா?"

"கேள்வியும் தப்பு. அது இங்கிலீஷ் எவ்ளோ தெரியும்னு கேக்கல. உன் புருஷன் உயிரோட இருக்கானான்னு கேட்டிருக்கு."

குழந்தைவேல் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். வியாபாரிதான், ஆனால் கல்நெஞ்சுக்காரர் இல்லை. "சரி, அந்தக் கேள்விய எடுத்துட்டு மார்க்க மாத்திப் போடுங்க. முடிஞ்சுது."

"முடியாது சார். அந்தப் படியில நிறுத்தினவங்களுக்கு மூணாம் படித் தாளே நாம குடுக்கல. குடுத்திருந்தா எவ்ளோ ஏறியிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? வாயால கேட்டுப் பாத்தாதான் உண்டு. நானே போறேன்."

"லீவு நாள்ல போவீங்களா?"

"எனக்கு லீவு நாள்ல என்னா வேலை?" என்றார் அரிகரன். சாதாரணமாகத்தான் சொன்னார். குழந்தைவேல் ஏனோ உடனே தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த பெண்களும் மாமியாருக்குச் சோறு போட்டுவிட்டு வந்த பெண்களுமாக மகளிர் குழுக் கட்டடத்து வராந்தாவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய்த் தேர்வுக்கும் அவரிடம் ஓர் ஒழுங்கு உண்டு. ஆளைப் பேச வைக்க முதலில் சுலபமாக ஒன்றிரண்டு. பிறகு ஒவ்வொரு படியாக மேலே. எங்கே வார்த்தை முறிகிறதோ, அங்கே இன்னொரு தரம் வேறு விதமாகக் கேட்டுப் பார்ப்பது. பத்து எண்ணும் வரை பதில் வராவிட்டால் சுழியம்.

மூன்றாவதாக உள் அறைக்கு வந்தவள் ஆரோக்கியசெல்வி. அந்த உருண்டை எழுத்துக்காரி. நாற்பத்தைந்து வயசு இருக்கலாம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இறங்கி உட்கார்ந்தாள்.

"மொதல்ல நான் ஒண்ணு கேக்கட்டுமா சார்? நான் எழுதுனது இன்னா தப்பு? அன்னிக்கு அந்தப் பொண்ணு என் பேப்பரப் பாத்து வாயப் பொத்திக்கினு சிரிச்சுது."

அரிகரனுக்குச் சுருக்கென்றது. "தப்பா நெனைக்காதீங்கம்மா. ரெண்டு வாக்கியத்தையும் சேத்துப் படிக்கணும். ஆபீசுக்குப் போய்ப் புதுசு வாங்கினேன்னு இருக்கு இல்ல?"

"படிச்சேனே! படிக்காமயா எழுதுவன்? எங்க வூட்டுக்காரர் எக்ஸ்பயர் ஆனாரு. ரேஷன் கார்டுல அவரு பேர அடிக்கணும்னு ஆபீஸ்க்கு நடையா நடந்தன். பழச வாங்கிக்கினு புதுசு குடுத்தாங்க. அதானே சார் எழுதியிருக்கு?"

அரிகரன் தாளையே பார்த்தார். கணவன் போனால் ஆபீசில் என்ன கொடுப்பார்கள் என்பது வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைத் தனியாக எழுதிக் காட்ட வேண்டியதே இல்லை. என்றாலும் வாத்தியார் புத்தி விடுமா?

"இங்கிலீஷ்ல 'ஒன்'னு போட்டா, அதுக்கு முன்னாடி எந்தப் பொருளைச் சொன்னோமோ அதைத்தான் குறிக்கும்மா. முன்னாடி ஹஸ்பெண்டுன்னு போட்டா, புது ஹஸ்பெண்டுன்னு ஆயிடும்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அவளே சிரித்தாள். "அய்யய்யோ, மாதாவே! அதான் அந்தப் பொண்ணு சிரிச்சுதா!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ கார்டுன்னு எழுதியிருக்கணும்" என்றாள்.

"ஆமா."

"ஆனா செத்தது கார்டு இல்லியே சார்."

அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன் என்றார் அரிகரன். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் யாரோ நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இதிலும் ஏறாவிட்டால் இரண்டாம் வகுப்புதான் என்பது அவளுக்குத் தெரியும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தேர்வு தொடங்கியது. பெயர், ஊர், எந்த வார்டு என்றெல்லாம் கேட்டார், கடகடவென்று வந்தது. நேற்று என்ன செய்தீர்கள் என்றார். துடைத்தேன், கழுவினேன், கட்டில் எண் பன்னிரண்டில் ஒரு தாத்தா விழுந்தார், நான் தூக்கினேன் என்றாள். அந்த இடத்தில் 'ஃபால்' என்று தடுக்கி, அவளே நிறுத்தி 'ஃபெல்' என்று திருத்திக்கொண்டாள். தன் தப்பைத் தானே பிடிக்கிறவள் அந்தப் படியைத் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். அரிகரன் மேலே போனார். ஏன் விசாரணை மேசைக்குப் போக வேண்டும்? "பிகாஸ்" என்று தொடங்கி முழங்காலைக் காட்டினாள். பிறகு முழங்கால் மட்டும் காரணம் இல்லை என்றாள். வார்டில் யாரும் தன்னோடு பேசுவதில்லை, காலைத் தூக்கிக்கொள்வதோடு சரி, மேசையில் உட்கார்ந்தால் எல்லோரும் வந்து பேசித்தானே ஆக வேண்டும் என்றாள். முழுசாக வந்து விழவில்லை. அங்கங்கே துண்டு துண்டாக, நடுவில் இரண்டு தமிழ் வார்த்தையோடு வந்தது. ஆனால் காரணம் காரணமாகவே வந்தது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. விசாரணை மேசையில் உட்காருகிறவள் பதில் சொன்னால் போதாது, எதிரே நிற்பவரிடம் கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும். அவள் விழுந்தால் இங்கேதான் விழுவாள் என்று அரிகரனுக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும், விரல்கள் பின்னிக்கொண்டன.

"நவ் யூ ஆஸ்க் மீ டூ கொஸ்டின்ஸ்," என்றார். என்னை இரண்டு கேள்வி கேளுங்கள்.

அவள் கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அரிகரன் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். ஐந்து, ஆறு, ஏழு. கேளும்மா, எதையாவது கேள் என்று உள்ளே கெஞ்சினார். கேள்வி எழுதுகிறவன் அப்படிக் கெஞ்சக் கூடாது.

"சார்... ஹவ்... ஹவ் டிட் யூ கம் ஹியர்?"

வார்த்தை வரிசை அச்சு மாதிரி இருந்தது. "ஐ கேம் பை பஸ்," என்றார், முகம் மலர. "ஒன் மோர்."

ஒன்று வந்துவிட்ட தைரியத்தில் அவள் உடனே கேட்டாள். விசாரணை மேசையில் உட்கார்ந்துவிட்டவள் போல, லேசாக முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"ஈவினிங், யூ வில் கோ ஹோம் சார். ஹூ வில் ஓப்பன் தி டோர்?"

சாயங்காலம் வீட்டுக்குப் போவீர்கள், யார் கதவைத் திறப்பார்கள்?

பிழையே இல்லை. சொற்கள் எல்லாம் முதல் படிச் சொற்கள், காலம் மட்டும் எதிர்காலம். இரண்டாம் படி, அல்லது மூன்றாம் படியின் தொடக்கம் என்று அரிகரனின் புத்தி தன் பாட்டுக்கு எடை போட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

யாரும் இல்லை என்பது பெரிய வாக்கியமா? குழந்தைக்குக்கூட வரும். இரண்டு வருஷமாக அவரை யாரும் இதைக் கேட்டதில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள், உடம்பு எப்படி என்று கேட்டார்கள், தீபாவளிக்கு எங்கே என்றுகூடக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். இதற்கு வைத்திருக்கவில்லை. கண் எரிந்தது. பத்து எப்போதோ தாண்டிவிட்டது.

ஆரோக்கியசெல்விக்கு அவர் நிலைமை தெரியவில்லை. தன் இங்கிலீஷ்தான் விளங்கவில்லை என்று நினைத்துவிட்டாள். சற்று முன் அவர் அவளுக்குச் செய்ததைப் போலவே, வாக்கியத்தை உடைத்து, நிறுத்தி நிதானமாகத் திருப்பிக் கேட்டாள்.

"டோர் சார். யுவர் ஹவுஸ் டோர். ஹூ... வில்... ஓப்பன்?"

"ஐ..." என்றார் அரிகரன். "ஐ வில் ஓப்பன்."

அவள் அவரையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. முகம் மெதுவாக மாறியது. அய்யோ பாவம் என்று சொல்லவில்லை, எப்போ சார் என்றும் கேட்கவில்லை. தேர்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, தமிழில் பேசினால் மார்க் குறையும் என்ற எண்ணமோ என்னவோ.

"மீ ஆல்ஸோ சார்," என்றாள்.

அரிகரன் தலையைக் குனிந்து தாளில் மூன்றாம் வகுப்பு என்று எழுதினார். அவள் படிக்கும்படி தாளைத் திருப்பிக் காட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, மேசையைப் பிடித்து எழுந்து போனாள்.

வராந்தாவிலிருந்து அடுத்தவள் உள்ளே எட்டிப் பார்த்து, "வரலாமா சார்?" என்றாள். ஒரு நிமிஷம் இரும்மா என்று கையைக் காட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நேரம் ஆயிற்று.